அம்மாவின் பட்டு, மகளின் ரவிக்கை: மாலை வரவேற்புக்கு எது ஒத்துவரும்?

கோட்டைவாசல் (வேலூர்) — ஏப்ரல் 28, இரவு 9:40

என் நாத்தனார் மகளுக்கு ஜூன் 5ஆம் தேதி காலை முகூர்த்தம்; முந்தின நாள் மாலை காட்பாடியில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அந்த மாலைக்கு என் கல்யாணப் பட்டைத்தான் உடுத்துவேன் என்று என் மகள் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு இளஞ்சிவப்பு நெட் துணியில் முழுக்கச் சமிக்கி தைத்த ஆயத்த ரவிக்கை ஒன்றை எடுத்துவந்து நின்றாள். சேலை 1998இல் ஆரணியில் நெசவாளர் வீட்டிலேயே வாங்கியது. உடல் மயில்கழுத்து நிறம், கரையும் முந்தியும் அரக்கு, கரையை உடலோடு கோர்வை போட்டு இணைத்திருப்பார்கள். அதனுடன் வந்த ரவிக்கைத் துணியை நான் அந்தக் காலத்திலேயே குட்டைக் கை வைத்துத் தைத்துவிட்டேன். இன்று அது அவளுடைய முழங்கைக்குக்கூட ஏறாது.

என் கருத்து இதுதான்: கோர்வைப் பட்டுக்குக் கரையின் நிறத்தைத் தவிர வேறு நிறத்தில் ரவிக்கை போட்டால் அது இரவல் ரவிக்கை போலத்தான் தெரியும். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை வாசகி — ஏப்ரல் 28, இரவு 10:15

கரை நிறத்தில் ரவிக்கை போடுவது முகூர்த்தத்துக்கு. வரவேற்பு என்றால் எதிர்நிறம்தான். மயில்கழுத்துக்குக் கடுகு மஞ்சளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 1998ஆம் ஆண்டுச் சேலை என்றால் ஜரிகை கறுத்திருக்கும். பழைய பல் துலக்கியில் கொஞ்சம் பற்பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். என் மாமியாருடைய வெள்ளிக் குங்குமச் சிமிழை அப்படித்தான் துலக்குகிறேன்.

தறிமேடை (ஆரணி) — ஏப்ரல் 29, காலை 6:20

தயவுசெய்து பற்பசையைத் தொடாதீர்கள். குங்குமச் சிமிழ் முழுக்க வெள்ளி, ஜரிகை அப்படியல்ல. பட்டு நூலின்மேல் மயிரிழையைவிட மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன்மேல் தங்கப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து பூச்சும் போய்விடும். பிறகு அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும், அதைத் திருப்பி ஏற்ற வழியில்லை. நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இப்படித் துலக்கிப் பாழான முந்திகளைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு வருடத்துக்கு நான்கைந்து பேராவது வீட்டுக்கு வருகிறார்கள்.

கோட்டைவாசல் அம்மாவுக்கு ஒரு கேள்வி. ஜரிகை இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது? நீங்கள் உடலின் நிறத்தையும் கரையின் நிறத்தையும் சொன்னீர்கள், ரவிக்கையைத் தீர்மானிக்கும் மூன்றாவது நிறத்தைச் சொல்லவில்லை.

கோட்டைவாசல் — ஏப்ரல் 29, பிற்பகல் 2:05

சேலையை மாடத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஜரிகை கறுக்கவில்லை, ஆனால் புதுச் சேலைகளின் மஞ்சள் பளபளப்பு அதில் இல்லை. தேன் கலந்த பழுப்பு என்று சொல்லலாம், அங்கங்கே மட்டும் மின்னுகிறது. அதன் பக்கத்தில் மகளின் சமிக்கி ரவிக்கையை வைத்ததும் ஒன்று புரிந்தது. சமிக்கிக்கு முன்னால் ஜரிகை செத்துக் கிடந்தது. நான் இளஞ்சிவப்பை ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் ஆகாமல் போனது அந்த மினுமினுப்பு.

ஆம்பூர்க்காரன் — ஏப்ரல் 29, மாலை 7:30

ஜூனில் ஆம்பூரில் நடக்கும் என் கல்யாண வரவேற்பில் நான் மூன்று மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். பட்டு வேட்டிக்குக் கறுப்புக் கோட்டு போடலாமா, அல்லது அரக்கு நிறச் சட்டை போதுமா?

ஊசிநூல் (குடியாத்தம்) — ஏப்ரல் 29, இரவு 8:10

தம்பி, இங்கே பேசப்படுவது ரவிக்கை. கோட்டு வேண்டாம், ஜூன் மாத ஆம்பூரில் மூன்று மணி நேரம் நின்றால் கோட்டுக்குள் நீங்களே வெந்துவிடுவீர்கள்.

கோட்டைவாசல் அக்கா, நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழுத்து என்ன வெட்டு என்று மகளைக் கேளுங்கள், சேலையின் எடையையும் பார்த்துச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். பட்டுக்கு நவீன ரவிக்கை தைத்து என்னிடம் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை தோளில்தான் கெட்டிருக்கின்றன, நிறத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவர்கள் குறைவு.

கோட்டைவாசல் — ஏப்ரல் 30, காலை 11:20

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 780 கிராம். ஃபால்ஸ் அடித்த எடையும் அதில் அடக்கம். முந்தியில் மட்டும் ஒரு முழத்துக்கு மேல் அடர்த்தியான ஜரிகை இருப்பதால் கனமெல்லாம் அந்தக் கோடியில்தான் இருக்கிறது. மகள் கேட்பது முன்னால் அகலமான போட் நெக், பின்னால் ஆழமாக இறங்கிய கழுத்து, கையில் ஆரி வேலை. அவளுடைய தோள் அளவு 14 அங்குலம்.

ஊசிநூல் — ஏப்ரல் 30, இரவு 9:00

இப்போது கணக்குப் போடலாம். தோள் முழு அகலம் 14 அங்குலம். கடைகளில் தொங்கும் போட் நெக் ரவிக்கைகளில் கழுத்தின் அகலம் மட்டும் 10 அங்குலம் இருக்கும். மீதி 4 அங்குலம், தோளுக்கு 2 அங்குலமாகப் பிரியும். கனமான பட்டு முந்தியை எவ்வளவு நெருக்கி மடித்தாலும் மடிப்பின் அகலம் 4 அங்குலத்துக்குக் குறைவாக நிற்பது கடினம். ஆக, மடிப்பில் பாதிக்குத்தான் துணியில் இடம் கிடைக்கும், மறுபாதி கையின் சரிவில் தொங்கும். பின்பக்கம் தொங்கும் ஜரிகைக் கனம் இடது தோளைப் பின்னாலும் வெளியேயும் இழுக்கும். முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது, பரிசு கொடுக்க மேடையேறிக் கையைத் தூக்கும்போதுதான் தோள் நழுவும். படங்களில் ஒரு பெண் இடது கையால் ரவிக்கையின் தோளைப் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்கத்தால் அப்படி நிற்கிறாள் என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

கழுத்து அகலத்தை ஏழரை அங்குலமாகக் குறைத்தால் தோளுக்கு மூன்றேகால் அங்குலம் கிடைக்கும். அப்போதும் முன்கழுத்து மேலேறி, படகு வடிவம் போலவே தெரியும்; கண்ணுக்குத் தெரிவது வளைவுதான், அகலத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் முன்னால் அகலம், பின்னால் ஆழம் இரண்டையும் ஒரே ரவிக்கையில் கேட்கக்கூடாது. பின்கழுத்து 7 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் மேலே ஒரு நாடா கட்டியாக வேண்டும். அந்த நாடா அலங்காரத்துக்கு என்று பலர் நினைத்து அவிழ்த்துத் தொங்கவிடுகிறார்கள். இரண்டு தோளையும் உள்ளே இழுத்துப் பிடிப்பது அதுதான்.

ராணிப்பேட்டை வாசகி — மே 1, காலை 10:45

கனத்துக்கு இவ்வளவு கணக்கு எதற்கு? நாலு பின் குத்தினால் முந்தி அசையாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். ஜரிகையில் சந்தேகம் இருந்தால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல்.

தறிமேடை — மே 1, மதியம் 12:30

பின் குத்துவதில் பாதி சரி. முந்தி அசையாதுதான், ஆனால் முந்தியோடு ரவிக்கையும் சேர்ந்து அசையும். கனம் முழுவதையும் நாலு துளைகள் தாங்கினால் பழைய பட்டு அந்த இடத்தில் கிழியும். பின்னுக்கு அடியில் ரவிக்கையின் உட்புறமாக ஒரு சிறு காடாத் துண்டை வைத்துக் குத்தச் சொல்லுங்கள். சேலையின் மடிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பின்னில் கோர்க்காமல், உள் மடிப்புகளை மட்டும் பிடித்தால் ஜரிகையில் துளை விழாது.

சிவப்பு நூல் விஷயமும் அப்படியே. அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூல் இருப்பது வழக்கம்தான், ஆனால் செம்புத் தகட்டு ஜரிகைக்கும் சிவப்பு நூலைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? சுரண்டுவதில் சேலைக்குச் சேதம்தான் நிச்சயம்.

அம்மா, உடுத்துவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். இத்தனை வருடம் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்த மடிப்புக் கோட்டில் இழை தளர்ந்திருக்கும். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோட்டில் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் கொசுவத்துக்குள் போகும்படி உடுத்த வேண்டும், தோளில் வரக்கூடாது.

கோட்டைவாசல் — மே 1, இரவு 10:10

பிடித்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் வெளிச்சம் தெரிகிறது, இரண்டும் உடல் பகுதியில், முந்தியிலிருந்து தள்ளி. ஆறுதலாக இருந்தது. வருடம் ஒருமுறை மடிப்பை மாற்று என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அதைச் சாமி காரியம் போல ஏதோ சாங்கியம் என்று நினைத்துச் சில வருடங்கள் விட்டுவிட்டேன்.

கோட்டைவாசல் — மே 4, மாலை 6:50

இன்று லாங் பஜாரில் ஒரு கடைக்குப் போனோம். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாளிலேயே துணி எடுக்கப் போன என் புத்தியை என்ன சொல்ல. கரையின் அரக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று ஒரு மீட்டர் அரக்குத் துணி எடுத்துவந்தேன், கடையில் அச்சாகப் பொருந்தியது. வீட்டுக் கூடத்தின் மஞ்சள் விளக்கில் வைத்தால் சேலையின் அரக்கு சிவந்து நிற்கிறது, துணியின் அரக்கு செங்கல் பக்கம் சாய்ந்துவிட்டது. என் முதல் கருத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

தறிமேடை — மே 5, காலை 6:05

நீங்கள் எடுத்தது பட்டு அல்ல, பாலியஸ்டர் கலந்த துணியாக இருக்கும். பட்டுக்கு ஏறும் சாயம் வேறு, பாலியஸ்டருக்கு ஏறும் சாயம் வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் விளக்கு மாறினால் பிரிந்துவிடும். பட்டோடு பட்டை வைத்தாலும் வேறு வேறு சாயத் தொட்டி என்றால் கொஞ்சம் விலகும், ஆனால் இந்த அளவுக்கு விலகாது.

இந்தக் காரணத்தால்தான் மாலை நேரத்துக்குக் கரை நிறத்தையே தேடிப் பொருத்துவதை நான் தவிர்க்கச் சொல்வேன். காலை முகூர்த்தத்தில் வாசல் வெளிச்சம் கொஞ்சமாவது இருக்கும். மாலையில் மேடையில் வெள்ளை விளக்கு, பந்தியில் மஞ்சள் விளக்கு, நுழைவாயிலில் ஊதா விளக்கு. நூலிழை அளவுக்கு விலகிய நிறம் மூன்று இடத்திலும் மூன்று விதமாகப் பொய் சொல்லும். தெளிவாக வேறு நிறமாக இருந்துவிட்டால் எந்த விளக்கிலும் யாரும் ஒப்பிட மாட்டார்கள்.

மயில்கழுத்தில் இன்னொரு குணம் உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. மஞ்சள் விளக்கில் பச்சை மேலே வரும், வெள்ளை விளக்கில் நீலம் மேலே வரும். இரண்டுக்கும் சமாதானமாகப் போகும் நிறத்தைத்தான் தேட வேண்டும்.

ராணிப்பேட்டை வாசகி — மே 5, காலை 9:30

அதற்குத்தான் கடுகு மஞ்சள் என்றேன்.

ஊசிநூல் — மே 5, இரவு 9:20

கடுகு மஞ்சள் நல்ல நிறம்தான், ஆனால் ஜரிகை தேன் பழுப்பு என்று அக்கா சொல்லியிருக்கிறார். மஞ்சள் ரவிக்கைக்குப் பக்கத்தில் பழைய ஜரிகை மங்கிப்போகும். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில்தான் அது எழுந்து நிற்கும். இதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

கோட்டைவாசல் — மே 8, இரவு 9:55

நாவல்பழ நிறத்தில் ராசில்க் பட்டு ஒரு மீட்டர் எடுத்தோம். இந்த முறை சேலையையே பையில் எடுத்துப்போய், கடைக்காரரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், வாசல் வெயிலிலும் உள்ளே குழல் விளக்கிலும் கைபேசி விளக்கிலும் வைத்துப் பார்த்தோம். அரக்கின் சிவப்பும் உடலின் நீலமும் அந்த நிறத்துக்குள் சேர்ந்தே இருப்பதால் அது எந்தப் பக்கமும் விலகவில்லை. மகளுக்கு வெல்வெட் மேல் ஒரு கண் இருந்தது. வேலூரில் வைகாசியில் வெல்வெட்டா என்று கேட்டேன். மண்டபத்தில் ஏசி உண்டு என்றாள். ஏசி மேடையை எட்டுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஊசிநூல் அக்காவிடமே தைக்கக் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. குடியாத்தம் அவ்வளவு தூரமில்லை.

ஊசிநூல் — மே 11, இரவு 9:15

அளவு எடுத்தாயிற்று. வரிசை தெரியாமல் பலர் ஏமாறுவதால் இங்கே எழுதிவைக்கிறேன். ரவிக்கையைத் தைத்த பிறகு ஆரி வேலைக்குக் கொடுக்கக்கூடாது. துணியை வெட்டாமல் அதன்மேல் முன்பாகம், பின்பாகம், கை மூன்றின் கோட்டையும் நான் வரைந்து கொடுப்பேன். ஆரிக்காரர் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கோட்டுக்குள் வேலை செய்வார். திரும்பி வந்த பிறகுதான் வெட்டித் தைப்பது. வேலை ஏறிய இடத்தில் துணி கொஞ்சம் சுருங்கும், அதனால் கோட்டை அரை அங்குலம் தாராளமாக வரைய வேண்டும். உள்ளே போடும் பருத்தி லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் எடுப்பேன். அதைச் செய்யாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி மேல்துணி பொங்கி நிற்கும்.

வேலை எங்கே வர வேண்டும் என்பதில் அக்காவின் மகளும் நானும் கொஞ்சம் மோதினோம். தோளிலிருந்தே வேண்டும் என்றாள். இடது தோளில் முந்தி விழும் இடத்தில் முறுக்குக் கம்பியும் மணியும் வைத்தால் அவை பழைய பட்டைக் கீறும், அதோடு அங்கே யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே இரண்டு கைகளின் ஓரத்தில் நாலு அங்குலம், பின்கழுத்தைச் சுற்றி ஒரு வரி, அவ்வளவுதான். நூல் மங்கிய தங்க நிறம், மணி கிடையாது.

கோட்டைவாசல் — மே 11, இரவு 9:50

கொஞ்சம் மோதினோம் என்று அக்கா பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். வரும் வழியெல்லாம் பேருந்தில் மகள் வாயைத் திறக்கவில்லை.

ஆம்பூர்க்காரன் — மே 20, மாலை 5:15

என் வருங்கால மனைவி நாங்கள் பேசியதையெல்லாம் படித்துவிட்டுத் தன் சேலையை எடை போட்டிருக்கிறாள். 450 கிராம்தான் வந்ததாம். போட் நெக் 10 அங்குலமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னாள். கோட்டு வேண்டாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

ஊசிநூல் — மே 20, இரவு 9:30

450 கிராமில் முந்தியும் லேசாக இருந்தால் 9 அங்குலம் வரை போகலாம், நாடா கட்டாயம். முந்தியை மடிக்காமல் ஒற்றையாக விடுவதாக இருந்தால் தோளில் ஒரு முனைதான் நிற்கும், அப்போது கணக்கு வேறு. எப்படி உடுத்தப்போகிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கோட்டைவாசல் — மே 29, இரவு 8:40

ரவிக்கை வந்துவிட்டது. சேலையோடு உடுத்தி, வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடக்கவும், பரணில் இருக்கும் டப்பாவை எடுப்பதுபோல் கையைத் தூக்கவும் சொன்னேன். தோள் அசையவில்லை. ஆனால் முழங்கை வரை வரும் கையின் ஓரம், ஆரி வேலையின் விறைப்பால், கையை மடக்கும்போது உள்பக்கம் உறுத்துகிறது. இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

ஊசிநூல் — மே 29, இரவு 9:05

என் தவறு. வேலை முழுச் சுற்றும் வராமல் மடக்கும் இடத்தில் ஓர் அங்குலம் விட்டிருக்க வேண்டும். இப்போது பிரிக்க வேண்டாம், உள்ளே மெல்லிய மல்மல் பட்டி ஒன்று வைத்துத் தருகிறேன். நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.

கோட்டைவாசல் — ஜூன் 7, காலை 11:30

வரவேற்பு நடந்த விதத்தை எழுதாமல் விட்டால் நன்றாயிருக்காது. மகள் மூன்றேமுக்கால் மணி நேரம் அந்தச் சேலையில் இருந்தாள், தோளைப் பிடிக்கவில்லை. மேடை வெளிச்சத்தில் சேலை நீலமாகவும் பந்தியில் பச்சையாகவும் தெரிந்ததால், இரண்டு சேலை மாற்றினாயா என்று ஒரு பெரியம்மா உண்மையாகவே கேட்டார். படங்களில் ஜரிகை நன்றாக விழுந்திருக்கிறது. நாவல்பழ நிறம்தான் ஏமாற்றியது: மேடைப் படங்களில் அது கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது. நேரில் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் படத்தில்தானே இனிமேல் பார்க்கப்போகிறோம். இரண்டு படி வெளிறிய நிறமாக எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ராணிப்பேட்டை வாசகி — ஜூன் 7, மதியம் 1:00

கடுகு மஞ்சள்.

கோட்டைவாசல் — ஜூன் 7, மதியம் 1:20

சரி அம்மா, அடுத்த கல்யாணத்துக்கு அதையும் தைத்துப் பார்த்துவிடுகிறோம்.

தறிமேடை ஐயா, இன்னொரு சந்தேகம். ரவிக்கையின் அக்குள் பக்கம் வியர்வைக் கறை இருக்கிறது. சேலையில் ஒன்றும் படவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?

தறிமேடை — ஜூன் 8, காலை 6:10

ரவிக்கையை உலர் சலவைக்குக் கொடுத்துவிட்டு வேறாக வையுங்கள். வியர்வையின் உப்பு ஜரிகைக்கு ஆகாது. சேலையை ஒரு நாள் நிழலில் கொடியில் போட்டு, பழைய மடிப்பை விட்டு விலக்கிப் புதிதாக மடித்து, பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஆரி வேலை சேலையின்மேல் படியக்கூடாது. அந்தப் பழைய குட்டைக்கை ரவிக்கையை எறிந்துவிடவில்லையே? மடிப்பில் வெளிச்சம் தெரிந்த இரண்டு இடங்களையும் இழையெடுத்து அடைப்பதற்கு அதே சமயத்தில் வாங்கிய அரக்கு நூல் வேண்டியிருக்கலாம் என்று எழுத வந்தேன், பிறகுதான் நினைவு வந்தது, தளர்ந்திருப்பது உடல் பகுதி. அதற்கு நீலமும் பச்சையும் வேண்டும். முந்தியின் கடைசியில் முடிச்சுப் போட்ட குஞ்சம் இருந்தால் அதில் உடலின் பாவு நூல் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டைவாசல் — ஜூன் 8, இரவு 9:15

பார்த்தேன். குஞ்சம் முழுக்க அரக்குதான். ஆனால் உள்கோடியில், இடுப்பில் செருகும் பக்கம், நெய்து முடித்து வெட்டிய இடத்தில் விரற்கடை நீளத்துக்கு நீல இழைகள் தொங்குகின்றன. பீகோ அடிக்காமல் விட்டதற்கு அன்று என் மாமியாரிடம் பேச்சு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சேலையோடு ஆரணிக்கு வரலாமா?